வேண்டாம் என்று சொன்னால் கறி வரும்

போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பரந்தன் சந்திக்குக் கிட்ட, பாதிக் கூரை போட்ட கட்டடம் ஒன்றில் நான் வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. வகுப்பில் இருந்த இருபத்தாறு பேரில் என்னைவிட இளையவர்கள் நாலே பேர். அதனால் முகத்தை எப்போதும் உர்ரென்று வைத்திருப்பேன். சிரித்தால் மதிக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன்.

கிளிநொச்சியில் புதிதாகத் திறந்த வெளிநாட்டு உதவி நிறுவன அலுவலகம் ஒன்றுக்குச் சாரதிகளும் காவலாளிகளும் தேவைப்பட்டார்கள். வெள்ளைக்காரரோடு நாலு வார்த்தை பேசத் தெரியவேண்டும் என்பதால், பரீட்சை வைத்து ஆட்களைத் தெரிவுசெய்து அனுப்பும் வேலையை எங்கள் நிலையத்திடம் விட்டிருந்தார்கள். உரையாடலில் விடுபட்ட பதிலைத் தெரிவு செய்யும் கேள்விகள் இருபது. பதினாலு சரியாக வந்தால் நேர்முகத்துக்குப் போகலாம். கேள்வித்தாளைத் தயாரித்தது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

வகுப்பில் ஒரு ட்ரக்டர்க்காரர் இருந்தார். நாற்பது தாண்டியவர். சின்ன வயதில் மலையகத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, விசுவமடுவில் காடு வெட்டிக் குடியேறியவர். ஓட்டுவது இன்னொருவருடைய ட்ரக்டர். விதைப்பும் அறுவடையும் முடிந்தால் அடுத்த போகம் வரும்வரை சும்மா இருக்கவேண்டும். மாதச் சம்பளம் கிடைக்கும் சாரதி வேலை அவருக்கு எவ்வளவு பெரிய விசயம் என்பது, விசுவமடுவிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வந்ததிலேயே தெரிந்தது.

நான் படிப்பித்தது மூன்றே விசயம். முதலில், யார் யாரோடு கதைக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். பிறகு, முதல் ஆள் என்ன செய்கிறார் என்று பார்க்கவேண்டும்: கேட்கிறாரா, கொடுக்கிறாரா, மன்னிப்புக் கோருகிறாரா. கடைசியாக, வெற்றிடத்துக்குக் கீழே உள்ள வரியைக் கட்டாயம் வாசிக்கவேண்டும். பதில் மேல் வரிக்கும் பொருந்தவேண்டும், கீழ் வரிக்கும் பொருந்தவேண்டும்.

ட்ரக்டர்க்காரர் இதில் புலி. சொற்கள் அதிகம் தெரியாது, ஆனால் எந்தப் பதில் யாருக்கு என்பது மூக்கில் மணந்துவிடும். "இது கூட்டாளிகிட்ட சொல்றது டீச்சர், மேலதிகாரிகிட்ட சொன்னா வேல போயிடும்" என்பார். தோட்டத்துத் துரை, வயல்காரர், சோதனைச்சாவடி என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாகக் கதைத்துத் தப்பிய மனிதர். அவருக்கு நான் புதிதாக என்ன சொல்லிக்கொடுக்க இருந்தது?

பரீட்சை முடிந்து, மறுநாள் காலை வகுப்பிலேயே திருத்தினேன். அவருக்குப் பதின்மூன்று.

ஒரே ஒரு புள்ளி குறைவு. தாளைத் திரும்பப் பார்த்தேன். ஏழு பிழைகளில் ஒன்று பன்னிரண்டாவது கேள்வி. அவர் மட்டுமல்ல, இருபத்திரண்டு பேர் அதே கேள்வியில், அதே பிழையான விடையில் விழுந்திருந்தார்கள். கேள்வி இதுதான். வீட்டுக்காரர் விருந்தாளியிடம், "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்கிறார். விருந்தாளியின் பதில் வெற்றிடம். பிறகு வீட்டுக்காரர், "அப்படியென்றால் கறியும் கொஞ்சம் வைக்கிறேன்" என்கிறார். 'கொண்டு வா' என்பது ஒரு விடை. அது மரியாதையில்லை. 'எனக்குச் சோறு பிடிக்கும்' என்பது இன்னொன்று. அது கேட்டதற்குப் பதில் இல்லை. மிச்சம் இரண்டு: 'யெஸ், ப்ளீஸ்', 'நோ, தாங்க் யூ, எனக்குப் போதும்'. இரண்டும் மரியாதையானவை. ஆனால் கீழே கறி வருகிறதே! ஆகவே 'யெஸ், ப்ளீஸ்' ஒன்றுதான் சரி. இருபத்திரண்டு பேரும் 'நோ, தாங்க் யூ' போட்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கீழ் வரியை வாசியுங்கோ எண்டு எத்தினை தரம் தொண்டை கிழியக் கத்தினனான்!" என்று பொரிந்து தள்ளினேன்.

ட்ரக்டர்க்காரர் மெதுவாக எழுந்தார். "வாசிச்சேன் டீச்சர். அதனாலதான் அதப் போட்டேன். வேணாமுன்னு சொன்னாத்தானே கறி வரும்?"

வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. முன்வரிசையில் இருந்த அக்கா ஒருத்தி, தொண்ணூறில் வெளியேற்றப்பட்டு அண்மையில் முல்லைத்தீவுக்குத் திரும்பிக் கடை போட்டிருந்த முஸ்லிம் குடும்பத்தவர், "ஓம் டீச்சர், கேட்ட உடன தாங்கோ எண்டால் என்ன நினைப்பினம்? காணாதது கண்ட மாதிரியெல்லோ" என்றார்.

"கேள்வித்தாளோட வாதாடக் கூடாது!" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பிற்பகலில் பெயர்ப்பட்டியல் கிளிநொச்சிக்குப் போகவேண்டும். அதில் அவருடைய பெயர் இராது. அதை நினைக்க எனக்கு அழுகை வந்தது. ஆனால் என் விடை பிழை என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

மதியம் நிலையத்தை நடத்திய சேரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். வீட்டிலிருந்து கொண்டுபோன மீன்பொரியலில் ஒரு துண்டை எடுத்து, "சேர், மீன் வைக்கட்டே?" என்றேன்.

"வேண்டாம் பிள்ளை, எனக்குக் காணும்" என்றார்.

நான் மீனை வைத்துவிட்டு, குழம்பும் ஒரு கரண்டி ஊற்றினேன். ஊற்றிய கை அப்படியே நின்றுவிட்டது.

"சேர், இப்ப நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"காணும் எண்டனான்."

"பிறகேன் நான் குழம்பு விட்டனான்?"

"அதை என்னட்டைக் கேட்டால்? ஊத்தாமல் விட்டிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்."

கேள்வித்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இரண்டு விடையையும் வாசித்துப் பார்த்துவிட்டு, வாயில் மீனோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டு, "இரண்டு விடை பொருந்தினால் அது கேள்வியில்லை பிள்ளை. வெட்டிவிட்டு எல்லாருக்கும் அந்தப் புள்ளியைக் குடு. ஏன் வெட்டினது எண்டு அலுவலகத்துக்கும் எழுது" என்றார்.

வகுப்புக்குப் போய், "பன்னிரண்டாவது கேள்வி என்ரை பிழை" என்று சொன்னேன். மதிப்புப் போய்விடும் என்று பயந்தேன், ஒன்றும் போகவில்லை. கடைக்கார அக்கா கை தட்டினார். ட்ரக்டர்க்காரர் பதினாலுக்கு ஏறினார். நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த வகுப்பில் வாய்விட்டுச் சிரித்தேன்.

பத்து நாள் கழித்து அவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சேட்டு, சப்பாத்து. முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன நடந்தது? சொல்லுங்கோ!" என்று பதறினேன்.

"நேர்முகத்துல ஒரு வெள்ளக்காரம்மா டீச்சர். காலைல ஆறு மணிக்குப் பொறப்பட்டது, எனக்குத் தொண்ட காஞ்சு கெடக்கு. உள்ள போனதும், டீ குடிக்கிறீங்களான்னு கேட்டுச்சு. நோ, தாங்க் யூன்னு சொன்னேன்."

"பிறகு?"

"சரின்னு சொல்லிட்டு, தனக்கு மட்டும் ஊத்திக் குடிச்சுச்சு." நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டாந்தரம் கேக்கவேயில்ல டீச்சர்! அம்புட்டு நேரமும் அந்தக் கோப்பையவே பாத்துக்கிட்டுப் பதில் சொன்னேன்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வேலை?"

"திங்கக்கெழமலேருந்து வரச் சொல்லிட்டாங்க." சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "ஒங்க விடைதான் சரி டீச்சர். ஆனா அந்த மார்க்க நான் திருப்பித் தரமாட்டேன்."