ஓடும் எழுத்து வேண்டாம்

தெருவே ‘வெப்சைட் அக்கா’ என்றழைக்கும் அவள், கணினி நிரல் எழுதும் ஏஐ-க்கு பிராம்ப்ட், அதாவது என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு, எழுதினால் நூல் பிசகாது. பல் டாக்டரின் தளத்துக்கும் அப்படித்தான். நாலு பக்கம், அவற்றின் வாசகங்கள், அப்பாயின்ட்மென்ட் படிவம், வெளிர்நீலப் பட்டன், எந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில் என்பதுவரை எழுதினாள். ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்லும் விளக்கக் கோப்பு ஒன்றும் கேட்டாள். பக்கத்தின் மேலே ஓடும் எழுத்து வேண்டுமென்று டாக்டர் நச்சரித்தது நினைவுக்கு வந்ததும், எரிச்சலில் அதே பிராம்ப்டில் தட்டினாள்: “அந்தக் கண்றாவி வேண்டாம். டாக்டர் கேட்டால் தொழில்நுட்பக் கோளாறு என்று சமாளித்துக்கொள்கிறேன்.”

தளம் சொன்னபடியே வந்தது. பக்கங்களை மட்டும் சரிபார்த்துவிட்டு, விளக்கக் கோப்போடு ஃபோல்டரை அப்படியே டாக்டருக்கு அனுப்பினாள்.

மறுநாள் அவர் போன் செய்தார்.

“பிரமாதம்மா! விளக்கத்தையும் வரி விடாம படிச்சேன். காரணமெல்லாம் உங்க வார்த்தையிலயே இருக்கு.”

“அப்படியா சார்…”

“அந்தக் கண்றாவிக் கோளாறை மட்டும் எப்ப சரி பண்ணுவீங்க?”