பத்து லிட்டர் ஜாரில் ஒரு முட்டை

ஃபர்ஸானாவுக்குப் பயம் முதலில் வயிற்றில்தான் வரும். அங்கேயே நின்றுவிட்டால் சமாளித்துக்கொள்வாள். தொண்டைக்கு ஏறிவிட்டால் குரல் போய்விடும். போன முறை அப்படித்தான் போனது.

தாராவியில் தொண்ணூறு அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள், ஓர் அறக்கட்டளை நடத்தும் தமிழ்வழிப் பள்ளியில் அவள் தற்காலிக அறிவியல் டீச்சர். ஏப்ரலோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது அவள் இருப்பாளா என்பதை மேற்பார்வையாளர் கோகிலவாணி முடிவு செய்வார். மாட்டுங்காவிலிருந்து வருவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், ஒரு பாடம் முழுக்கப் பார்ப்பார். தற்காலிக டீச்சர்களுக்கு இரண்டு வாய்ப்பு. ஃபர்ஸானா முதல் வாய்ப்பில் காந்தத்தைக் கையில் பிடித்தபடி பலகை முன்னால் நின்றாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கே பயமாகிப்போனது.

இன்றைக்கு இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது கிடையாது.

தவறினால் எங்கே போக வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். வாப்பா இனாயத்துல்லாவின் பட்டறை வீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. உடைத்த பழைய பிளாஸ்டிக்கைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி, மிதப்பதை ஒரு கூடையிலும் மூழ்குவதை ஒரு கூடையிலும் பிரிப்பார்கள். மூழ்கியதை உப்பு கரைத்த இரண்டாவது தொட்டியில் போட்டால், அதிலிருந்து இன்னொரு ரகம் மேலே வரும். காலேஜ் முடிக்கும்வரை ஃபர்ஸானாவும் அந்தத் தொட்டிக்கருகே உட்கார்ந்தவள்தான். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனிகளில் விழுந்த வெடிப்பு இன்னும் முழுதாக மறையவில்லை. பட்டறையை அவள் கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் அவளுடைய பெரியம்மா மகள் நஸீரா 'கொஞ்ச நாளைக்கு' என்று வந்து உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. அந்தக் 'கொஞ்ச நாள்'தான் ஃபர்ஸானாவை நடுங்க வைத்தது.

பாடம் அடர்த்தி. எது மிதக்கும், எது மூழ்கும் என்று காட்ட வேண்டும். கடைசியில் மூழ்கிய முட்டையை உப்புத் தண்ணீரில் மிதக்க வைக்க வேண்டும். முந்தின நாளே வீட்டு டம்ளரில் செய்து பார்த்தாள். நாலு ஸ்பூன் பொடி உப்பு, ஒரு கலக்கு, முட்டை மேலே வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

காலையில்தான் டம்ளர் கடைசி பெஞ்சிலிருந்து யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. வகுப்பில் அறுபது பிள்ளைகள். பட்டறைக் குவியலில் ஓட்டல் ஊறுகாய் வந்த, கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் ஜார் ஒன்று கிடந்தது. பத்து லிட்டர் பிடிக்கும். இதில் போட்டால் கோகிலவாணி மேடத்துக்கும் தெரியும். தேய்த்துக் கழுவினாள்.

"உம்மா, பொடி உப்பு எங்க?"

"நீதான் நேத்து டம்ளர் டம்ளராக் கரைச்சுக் கொட்டுனியே" என்றாள் ஷரீஃபுன்னிசா. "பட்டறை மூட்டையில கல்லுப்பு கெடக்குல்லா, அள்ளிட்டுப் போளா. எல்லாம் உப்புதான?"

அரைக் கிலோ நிறுத்து எடுத்துக்கொண்டாள். ஒரு முட்டைக்கு அரைக் கிலோ தாராளம் என்று நினைத்தாள்.

கோகிலவாணி மேடம் சரியான நேரத்துக்கு வந்தார். "நான் இருக்கறதா நினைச்சுக்காதீங்கோ" என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மேசையில் ஜார். அதில் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர். ஜாரைப் பிடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

ஒரு கையில் மரக் கரண்டி, மறு கையில் ஆணி. "எது முங்கும்?"

"கரண்டி! அதுதான் பெருசு!" என்று பாதி வகுப்பு கத்தியது. கரண்டி மிதந்தது, ஆணி நேராக அடிக்குப் போனது. ஒரே மாதிரி இரண்டு சின்ன டப்பாக்கள். ஒன்றில் மணலை அடைத்திருந்தாள், மற்றது காலி. மணல் டப்பா மூழ்கியது. காலி டப்பா மிதந்தது.

"பெருசு சின்னது கணக்கில்ல. கனம் மட்டும் பாத்தாலும் பத்தாது. ஒரே அளவு எடத்துல எவ்வளவு கனம் அடைஞ்சிருக்குன்னு பாக்கணும். அதுக்குப் பேருதான் அடர்த்தி. தண்ணியவிட அடர்த்தி அதிகம்னா முங்கும், கம்மின்னா மெதக்கும்."

குரல் இருந்தது. அவளுக்கே ஆச்சரியம். தண்ணீர் பாட்டிலின் மூடியைப் போட்டாள், மிதந்தது. அதே பாட்டிலை வெட்டிய துண்டைப் போட்டாள், மூழ்கியது. ஐஸ்கிரீம் கடையில் தரும் கண்ணாடி நிற ஸ்பூன், அதுவும் மூழ்கியது.

"இதெல்லாம் எங்க மாமா பட்டறையில டெய்லி நடக்கு டீச்சர்" என்றான் முன் பெஞ்ச் சுடலைக்கண்ணன். "இதுக்கு எதுக்கு ஸ்கூலு?"

"அப்ப நீ மாமாகிட்டயே மார்க் வாங்கிக்கலே" என்றாள் ராபியா. வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சில் சிரிப்பு இல்லை.

முட்டையைக் கரண்டியில் வைத்து மெல்ல இறக்கினாள். அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"இப்ப உப்புப் போடப்போறேன். என்ன ஆகும்?"

இரண்டு கை உப்பைப் போட்டு, கரண்டியால் கலக்கினாள். முட்டை உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து, மேலாகத்தான் கலக்கினாள். அறுபது ஜோடிக் கண்கள் பார்த்தன. முட்டை அசையவில்லை.

இன்னும் இரண்டு கை போட்டாள், அசையவில்லை. பொட்டலத்தை அப்படியே கவிழ்த்தாள். கடைசிக் கல்லும் கீழே இறங்கியது. முட்டை படுத்தே கிடந்தது.

"டீச்சர், முட்டைக்கு இன்னும் விடியல" என்றான் சுடலைக்கண்ணன்.

யாரும் அடக்கவில்லை. சிரிப்பு பின்பக்கம் வரை போய் மேடத்தின் பெஞ்சுக்கு முன்னால் நின்றது. மேடம் பேனாவை எடுத்தார். ஃபர்ஸானாவின் வயிற்றிலிருந்து பயம் கிளம்பி நெஞ்சைத் தாண்டியது. தொட்டிக்குப் பக்கத்தில் நஸீராவுக்கு எதிரே கிடக்கும் காலி ஸ்டூல் கண்ணுக்குத் தெரிந்தது.

பார்க்க வேறு இடமில்லாமல் ஜாரையே பார்த்தாள். எவ்வளவு பெரிய ஜார். நேற்று டம்ளர். நாலு டம்ளர் ஒரு லிட்டர். அப்படியென்றால் இது நாற்பது டம்ளர். டம்ளருக்கு நாலு ஸ்பூன் என்றால் இதற்கு ஒரு கிலோவாவது வேண்டும். கொண்டுவந்ததோ அரைக் கிலோ. தெருக்கோடிக் கடைக்கு ஆள் அனுப்பி உப்பு வருவதற்குள் மணி அடித்துவிடும்.

ஜாரின் அடியில் முட்டையைச் சுற்றி வெள்ளையாக ஒரு படுகை. கல்லுப்பு. பாதிக்கு மேல் கரையாமலே கிடக்கிறது. மேலே இருப்பது ஏறக்குறைய வெறும் தண்ணீர்.

உப்பைக் கூட்ட முடியாது. தண்ணீரைக் குறைக்கலாம்.

"ராபியா" என்றாள். குரல் கிழிந்து வந்தது, ஆனால் வந்தது. "வாளி. மக்கு."

ராபியா ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். ஃபர்ஸானா அடியைக் கிளறாமல் மேல் தண்ணீரை மட்டும் மக்கில் மொண்டு வாளியில் ஊற்றத் தொடங்கினாள். தண்ணீர் வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்துப் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள் அவர்கள். வகுப்பே திடுக்கிட்டது.

"ஏன் டீச்சர் தண்ணிய வேஸ்ட் பண்ணுதிய?"

"தேவையில்ல" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் பேசினால் உடைந்துவிடும். கடைசி பெஞ்சில் மேடம் எழுந்து நின்றார். ஃபர்ஸானா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜாரில் கால்வாசி மிஞ்சியபோது மொள்வதை நிறுத்தினாள். கரண்டியை அடிவரை விட்டு, முட்டையை விரலால் ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, படுகையைக் கிளறிக் கலக்கினாள். வெடிப்புகளில் உப்பு ஏறி எரிந்தது. தண்ணீர் பால் போலக் கலங்கியது. கையை எடுத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மேடம் நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே, நிதானமாக. ஃபர்ஸானா மறுபடி கலக்கினாள். தோள் வலித்தது.

"டீச்சர், ஸ்பூனு!" ராபியா கத்தினாள்.

ஐஸ்கிரீம் ஸ்பூன் அடியிலிருந்து கிளம்பிச் சாய்ந்தபடி மேலே வந்துகொண்டிருந்தது. பட்டறையின் இரண்டாவது தொட்டியில் எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். தண்ணீரின் அடர்த்தி ஏறுகிறது. பாதை சரி. முட்டைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கலக்கினாள்.

கரண்டி நின்றபோது முட்டையின் அகன்ற முனை மெல்லத் தூக்கியது. முட்டை கூர்முனையில் நின்று தள்ளாடியது. விழும் என்றுதான் அவள் நினைத்தாள். அது தரையை விட்டது. நிதானமாக ஏறி, தலையில் ஒரு ரூபாய்க் காசு அளவு தண்ணீருக்கு வெளியே தெரிய, நின்றுகொண்டது.

பெஞ்ச் தட்டிய சத்தத்தில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. பாட்டில் துண்டும் ஆணியும் மணல் டப்பாவும் மட்டும் அடியிலேயே கிடந்தன.

மேடம் மேசைக்கு வந்துவிட்டிருந்தார். ஜாருக்குள் குனிந்து பார்த்தார். "தண்ணியை எடுத்தேளே, அது உங்க பாடத் திட்டத்துல இருந்ததா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் பொய்யை நீட்டிச் சொல்லும் அளவுக்குக் குரல் மிச்சமில்லை.

"இல்ல மேடம். ஜார் பெருசாப் போச்சு. வீட்ல டம்ளர்ல செஞ்சேன். அதே கணக்குக்கு உப்பு கொண்டுவரல. கல்லுப்பு கரையவும் இல்ல."

மேடம் ஜாரையே பார்த்துக்கொண்டிருந்தார். ராபியா கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அப்போ மாஹிம் கடல்ல முட்டையப் போட்டா மெதக்குமா? அதுவும் உப்புத் தண்ணிதான?"

மிதக்கும் என்று வாய்வரை வந்தது. எல்லோருக்கும் வரும் பதில். ஃபர்ஸானா வெள்ளைப் படுகை கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"கடல் தண்ணியில லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம் போல உப்பு இருக்கு. நாம மொதல்ல பத்து லிட்டருக்கு அரைக் கிலோ போட்டோம். முழுசாக் கரைஞ்சிருந்தாலும் லிட்டருக்கு அம்பதுதான். முட்டைக்கு நூறாவது வேணும். இப்ப தண்ணி கொறைஞ்சதாலதான் அது வந்துச்சு. கடல்ல போட்டா?"

"முங்கிரும்!" என்றான் சுடலைக்கண்ணன், யாரையும் முந்திக்கொண்டு. பிறகு தானே சந்தேகப்பட்டு, "நெசமாவா?" என்றான்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஜாரைச் சுற்றி மொய்த்தார்கள். மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். ஃபர்ஸானா கரண்டியை எடுத்துத் துடைத்தாள். வாசலில் அவர் திரும்பினார்.

"ஜூன்ல இந்தப் பாடம் எடுக்கறச்சே சின்ன ஜாருக்கு மாறிடாதீங்கோ. இதையே கொண்டுவாங்கோ. முதல்ல முங்கறதைக் காட்டுங்கோ, அப்புறம் தண்ணியை எடுங்கோ."

சரி மேடம் என்று தலையசைத்தாள். அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்த பிறகுதான் ஜூன் என்ற சொல் காதில் விழுந்தது.

"டீச்சர், முட்டைய என்ன செய்ய?" சுடலைக்கண்ணன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு கேட்டான். சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் வழிந்தது.

ஃபர்ஸானா வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. கையை ஆட்டினாள், எடுத்துக்கொள் என்று.