கோபத்துக்கு இட்ட குறியீடு

மனநோயைப் பற்றி ஊர்ப் பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய, திருவாரூர் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில் குழு உரையாடல் நடத்தினேன்.

"தூங்காம, யாரோடும் பேசாம ஒரு பொண்ணு இருந்தா என்ன நினைப்பீங்க?"

"நடிப்பு. நடவுக்கு வரச் சோம்பல்," என்றார் முன்வரிசைப் பெரியம்மா. மற்றவர்கள் தலையாட்டினார்கள். திருத்தினால் வாய்கள் மூடிக்கொள்ளும் என்பதால் நாக்கை அடக்கிக்கொண்டேன்.

"வேற மாதிரி நினைக்கிறவங்க இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

"நடிக்கிறவளுக்குக் கை ஏங்க நடுங்குது?" என்றாள் ஓரத்தில் இருந்த இளம்பெண்.

பெரியம்மா என்மேல் பாய்ந்தார். "எங்க ஊரப் பைத்தியக்கார ஊருன்னு எழுதத்தான் வந்தீங்களா?" என்று கத்திவிட்டு எழுந்து போனார். பாதிப் பேர் பின்னாலேயே போய்விட்டார்கள்.

பிறகு ஒலிப்பதிவை எழுத்தாக்கி, நானும் சக ஆய்வாளரும் ஒவ்வொரு பேச்சுக்கும் அதன் உட்பொருளைச் சொல்லும் குறியீட்டைத் தனித்தனியாக இட்டோம். அந்தக் கத்தலுக்கு அவர் "ஒத்துழையாமை" என்று போட்டிருந்தார். நான் "பைத்தியம் என்ற பெயருக்குப் பயம்" என்று போட்டிருந்தேன்.

"திட்டினதெல்லாம் தரவா?" என்று சீறினார்.

"பயந்துதான் திட்டினாங்க. மத்த ஊர்க் குழுக்கள் பேசினதையும் பாருங்க," என்றேன்.

பார்த்தோம். "பேரு கெட்டா பொண்ணக் கட்ட வரமாட்டாங்க" என்று வேறு ஊர்களிலும் சொல்லியிருந்தார்கள். என் குறியீட்டை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அதற்குப்பின் என்னோடு கள ஆய்வுக்கு வரவேயில்லை.