வழித்து ஊட்டிய கை

தொழிற்சாலை உணவகத்தில் அவள் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவள் கரண்டியக்கா. வரிசையில் நிற்பவன் முகத்தைப் பார்த்தே எவ்வளவு பசி என்று சொல்லிவிடுவாள். போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினால் அந்தக் கைக்கு மேலேயே ஒரு கரண்டி விழும். தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்தவன் மறுநாள் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

கட்டினவன் பாதியில் விட்டுப் போனான். பிள்ளை இல்லை. முட்டி வலி வந்து வேலையை விட்டதும் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தம்பியும் தம்பி பெண்டாட்டியும் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். அவர்களுடைய கைக்குழந்தை அவள் பொறுப்பில். அந்த வீட்டில் அவளுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்காமல் இருந்தது அந்தப் பிள்ளையால்தான். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஆறு மாசம் முடிந்து கூழ் ஆரம்பித்தார்கள். கேட்க வேண்டுமா? கரண்டியக்காவுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. ஸ்பூனைக் குத்தி நிறுத்தினால் சாயக்கூடாது, அப்படிக் கெட்டியாக அரிசிக் கூழ். கிண்ணம் நிறைய. பிள்ளை தலையைத் திருப்பினால் கன்னத்தை லேசாக அமுக்கி உள்ளே தள்ளிவிடுவாள். வழித்த கிண்ணத்தைச் சாயங்காலம் தம்பி பெண்டாட்டியிடம் காட்டுவாள். அவளும் பாவம், சந்தோஷப்பட்டாள். வயிறு முட்டக் கூழ் இருந்தால் பாலுக்கு எங்கே இடம்? பிள்ளை பாலைக் குறைத்துக்கொண்டது. தண்ணீரோ, மூச். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அது ஆறு மாசம் வரைக்கும்தான் என்பதை அவள் காதில் வாங்கவில்லை.

பிள்ளைக்கு வெளிக்கிப் போவது நின்றது. முக்கியது, முகம் சிவந்தது, வீறிட்டது. வாழைப்பழம் கொடுத்தால் இளகும் என்று உணவகத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! சரியாகப் பழுக்காத பழத்தை மசித்து இன்னொரு கிண்ணம் ஊட்டினாள். அது இன்னும் கட்டிப்போட்டது. கடைசியில் கூழாங்கல் மாதிரி உருண்டை உருண்டையாக விழுந்தது. மேலே ரத்தக் கோடு. பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, இறுகிப்போய் வந்ததில் ஆசனவாயில் சின்னக் கீறல், ஆறிவிடும் என்றாள். பிறகு கேட்டாள்: "யாரும்மா ஊட்டுறது?"

"நான்தான்."

"எவ்வளவு?"

அவள் கையைக் குவித்துக் காட்டினாள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இந்த வயசுல பால்தான் முக்கியம்மா. அதைக் குறைக்காதீங்க. கூழ் ரெண்டு மூணு ஸ்பூன்ல ஆரம்பிச்சு, மெல்ல மெல்ல அரைக் கிண்ணம் வரைக்கும் போகலாம். கொஞ்சம் தளர்வா இருக்கட்டும். கூடவே கொதிக்க வெச்சு ஆறின தண்ணி, ரெண்டு மூணு வாய். கொஞ்ச நாள் வாழைப்பழம் வேணாம். பேரிக்காய வேகவெச்சு மசிச்சுக் கொடுங்க, இல்லன்னா நல்லாப் பழுத்த பப்பாளி. வாயை மூடினா போதும்னு அர்த்தம். அதுக்கு மேல ஒரு வாய் திணிக்கக் கூடாது. மறுபடி ரத்தம் வந்தா, வயிறு உப்பினா, வாந்தி எடுத்தா உடனே தூக்கிட்டு வாங்க."

தம்பி பெண்டாட்டி லீவு போட்டாள். பேரிக்காய், தண்ணீர், பால் என்று அவளே கொடுத்தாள். உருண்டை இளகியது, அழுகை நின்றது. கரண்டியக்கா அடுப்படியில் பேரிக்காய் வேகவைத்துக் கொடுப்பதோடு சரி.

லீவு முடிந்த காலையில் தம்பி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "இன்னிக்கு உன் கையால சாப்பிடுறானான்னு பாரு, அக்கா. சரிப்படலன்னா காப்பகத்துல விட்டுடலாம்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்!

பேரிக்காயை மசித்தாள். மூன்று ஸ்பூன், அவ்வளவுதான். பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தது, கால் இரண்டையும் உதைத்தது, மூக்கைப் பிடித்து இழுத்தது. ஸ்பூனை எடுத்தாள். சிரிப்பு நின்றது. உதடு இறுகியது. கொஞ்சி, பாட்டுப் பாடி, தானே ஒரு வாய் தின்று காட்டி, எல்லாம் பார்த்தாயிற்று. ஸ்பூனைக் கீழே வைத்தால் சிரிக்கும், எடுத்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. கன்னத்தை அமுக்கினால் மூன்று ஸ்பூன் ஒரு நொடியில் உள்ளே போகும். கிண்ணம் காலி, பிள்ளை அவளோடு. விரல் கன்னம் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

பாலைக் கொடுத்துத் தூங்கவைத்தாள்.

சாயங்காலம் தம்பி பெண்டாட்டி கேட்டாள். "சாப்பிட்டானாக்கா?"

"இல்லம்மா. பால் குடிச்சான். என் கையால சாப்பாடு வேணாங்கிறான்."

தம்பி பெண்டாட்டி கிண்ணத்தையும் அவளையும் பார்த்தாள். "சரிக்கா, நாளைக்குக் காப்பகத்துல சொல்லிடறேன்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கரண்டியக்கா கறுத்துப்போன பேரிக்காயைக் குப்பையில் தட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவினாள்.