எடுத்துக் கொடுத்த வார்த்தைகள்

தொண்ணூற்றொன்றில் நானும் அக்காவும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள். கம்பெனியில் விரல் நசுங்கியவர்கள், நெடுஞ்சாலையில் லாரி அடித்தவர்கள் எல்லாரும் முதலில் எங்களிடம்தான் வருவார்கள். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கைவேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. வீட்டில் புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். முழுக்கை ரவிக்கை ஏன் என்று வார்டில் யாரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் ஒரு ஆஸ்பத்திரி எங்கள் இருவரையும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது நல்ல வேலை. அவளுக்கு அந்த வீட்டை விட்டு வெளியேற இருந்த ஒரே வழி.

எழுத்துப் பரீட்சையை எப்படியும் பார்த்துக்கொள்ளலாம். பயமெல்லாம் நேரில் உட்கார்ந்து பேசும் அந்தக் கால்மணி நேரம்தான். முன்பே போய்ச் சேர்ந்த ஒரு சீனியர் கடிதம் போட்டிருந்தாள். வார்த்தை வராவிட்டால் வாயை மூடிக்கொள்ளாதே. யோசிக்கிறேன் என்று இங்கிலீஷிலேயே சொல்லு, அதற்குள் மூச்சு விட்டுக்கொள். அந்தப் பொருள் எதற்கு, எப்படி இருக்கும் என்று சுற்றி வளைத்துச் சொல்லு. கேட்கிறவர் எடுத்துக் கொடுப்பார் என்று காத்திருக்காதே, கொடுக்க மாட்டார்.

இதை இருவரும் மனப்பாடம் செய்தோம். பிறகு தண்டலத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றாகப் போகும்போது பேசிப் பழகினோம். அங்கேதான் நான் கெடுத்தேன்.

அக்கா பாதியில் நின்றால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவள் நெற்றி வியர்க்கும், புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவாள். உடனே அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவேன். "ஆங், அதான்டி" என்று சிரித்துவிட்டு மேலே போவாள். வார்டிலும் எங்களுக்கு அதே பழக்கம்தான். டாக்டர் கேட்டதற்குப் பதில் வராவிட்டால் தலையைக் குனிந்து நிற்போம். பெரியவர்கள் சொல்லி முடிப்பார்கள். அதற்கு மரியாதை என்று பெயர்.

நான் திணறும்போது அவளுக்கு எடுத்துக் கொடுக்கத் தெரியாது, என்னைவிடக் குறைவாகத்தான் இங்கிலீஷ் வரும். என் முகத்தையே பார்த்துக்கொண்டு பொறுமையாக இருப்பாள். வேறு வழியில்லாமல் நான் எதையாவது சொல்லி அவளுக்குப் புரியவைப்பேன்.

பரீட்சை மெட்ராஸில். என்னை முதலில் கூப்பிட்டார்கள். மேஜைமேல் டேப் ரெக்கார்டர் ஓடியது. வேலையில் மறக்க முடியாத ஒரு நாளைச் சொல்லச் சொன்னார் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த அம்மாள். பெயின்டர் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்த கதையை ஆரம்பித்தேன். ஏணிக்கு இங்கிலீஷ் வரவில்லை. யோசிக்கிறேன் என்றேன். பிறகு, இரண்டு நீளக் கழி, நடுவில் படிகள், உயரத்துக்கு ஏற உதவும் என்றேன். அந்த அம்மாள் தலையாட்டினார், வார்த்தையைச் சொல்லவில்லை. நான் மேலே போனேன்.

அடுத்தது அக்கா. வெளியே வந்தபோது உதடு வெளுத்திருந்தது. திரும்பும் பஸ் பூந்தமல்லியைத் தாண்டியது.

"ஸ்ட்ரெச்சர்டி" என்றாள் கடைசியில். "தெனம் இருபது வாட்டி சொல்றேன். அங்க வரல. ஆள இன்னாத்துல தூக்கினு வந்தோம்னு சொல்ல வரல."

"சக்கரம் வெச்ச கட்டில்னு சொல்லியிருக்கலாமேக்கா."

"தெரியும். அப்ப தோணல. அந்தம்மா எடுத்துக் குடுப்பாங்கன்னு வாயையே பாத்துகினு இருந்தேன். டேப்பு ஓடுற சத்தம்தான் கேட்டுது. கேள்விய மாத்திக் கேட்டாங்க. அப்பால எல்லாத்துக்கும் யெஸ்ஸு, நோவுதான்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மாதக்கணக்கில் நான் பழக்கியது அதைத்தான். பாசம் என்று நினைத்து அவள் வாயைக் கட்டியிருக்கிறேன். அவள் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

முடிவு வந்தது. எனக்குப் போதுமான மார்க். அவளுக்கு எழுத்தில் எல்லாம் தேறி, பேச்சில் மட்டும் போய்விட்டது. மறுபடி உட்கார மூன்று மாதம் ஆகும். அந்த ஆஸ்பத்திரி அதுவரை காத்திருக்காது என்று எழுதிவிட்டார்கள். பரீட்சைக்குப் போன விஷயம் அவள் புருஷனுக்குத் தெரிந்துபோனது. அந்த வாரம் அவள் இடது கண் திறக்கவில்லை. டியூட்டிக்கு வந்தாள்.

நான் கிளம்பிய அன்று தண்டலம் ஸ்டாப் வரை வந்தாள். என் பெட்டியை அவளே தூக்கி பஸ்ஸில் ஏற்றினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கையைப் பிடித்து, "அக்கா, நான்..." என்றேன். அதற்குமேல் வரவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். அக்கா பஸ்ஸில் பேசிப் பழகிய நாட்களில் இருந்தது போலவே என் முகத்தையே பார்த்துக்கொண்டு, பொறுமையாக, நான் சொல்லி முடிப்பதற்காக நின்றாள். நான் சொல்லவில்லை.