ஏறிக்கொண்டே போகும், மூன்றைத் தாண்டாது

எங்கள் கல்லூரிக் கணிதத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. செமினார் எடுப்பவள் கரும்பலகையில் எழுதிய நிரூபணத்தை டஸ்டரால் அழித்தால், அவள் முறை அதோடு முடிந்தது. அழிக்காமல் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்பவள்தான் வேறு கல்லூரியில் நடக்கும் கணிதக் கூட்டத்துக்குப் போவாள். இரண்டாம் ஆண்டில் அந்த இடம் எனக்கு வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். போனாள் என்பது மட்டும் எனக்குப் போதவில்லை.

எனக்கு வந்த தலைப்பு (1 + 1/n)ⁿ. n ஒன்று என்றால் 2. இரண்டு என்றால் 2.25. இதற்கு ஓர் எல்லை உண்டு என்று காட்ட வேண்டும். அந்த எல்லைக்குத்தான் e என்று பெயர்.

ஈருறுப்புத் தேற்றப்படி விரித்து எழுதினேன்:

1 + 1 + (1/2!)(1 − 1/n) + (1/3!)(1 − 1/n)(1 − 2/n) + …

n பெரிதாகும்போது கழிக்கப்படும் பின்னங்கள் சிறுத்துப்போகும். அதனால் எந்த உறுப்பும் குறையாது. கடைசியில் புதிதாக ஒரு மிகை உறுப்பும் சேரும். ஆகவே மதிப்பு ஏறிக்கொண்டே போகும். கழித்தல் உள்ள அடைப்புகள் எல்லாம் ஒன்றுக்கும் குறைவு, 1/3! என்பது 1/4-ஐவிடச் சிறிது, அடுத்தடுத்தவையும் அப்படியே என்பதால், மொத்தம் 1 + 1 + 1/2 + 1/4 + … என்ற கூட்டலைத் தாண்டாது. அதாவது மூன்றுக்குள் அடங்கும். ஏறிக்கொண்டும் வரம்புக்குள்ளும் இருப்பதால் எல்லை உண்டு.

முன் பெஞ்சில் ராயபுரத்துத் தோழி கால்குலேட்டரை அமுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்த இடத்தின்மேல் கண்.

"மேடம், ஒன்னுக்கு அப்பால இருபது சைபர் போட்டு n-னு குடுத்தேன். ஒன்னுதான் வருது. ஏறுதுன்றா, இது எறங்கிடுச்சே."

கால்குலேட்டர் கைமாறியது. எல்லோருக்கும் ஒன்றுதான் வந்தது. பின் பெஞ்சில் யாரோ, "டஸ்டர எடும்மா" என்றாள். என் கை டஸ்டர் பக்கம் போனது உண்மை. செமினாரை நடத்தும் மேடம் என்னையே பார்த்தார்.

நான் எழுதியதை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். எந்த வரியிலும் ஓட்டை இல்லை. அப்படியானால் தப்பு மிஷினில்.

"ரெண்டுல ஆரம்பிச்சு ஏறிகினே போறது ஒன்னுக்கு எப்டிடீ வரும்? அதுல ஒன்னோட 1/n மட்டும் கூட்டிப் பாரு."

கூட்டினாள். "ஒன்னு."

"அவ்ளோ சின்ன பின்னத்த வெச்சிக்க அதுல எடம் இல்ல, வுட்டுடுச்சு. ஒன்ன எத்தினி வாட்டி பெருக்கினாலும் ஒன்னுதான். n-ஐ ஆயிரம்னு குடு."

"ரெண்டு புள்ளி ஏழு ஒன்னு ஆறு ஒம்பது," என்று இழுத்தாள்.

"கூட்டத்துக்கு நீயே போ," என்றார் மேடம்.

வெளியே வந்ததும் தோழி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "போறது சரி. அங்க போயி லிமிட் 'இருக்கு'ன்னு சொல்லு, 'கீது'ன்னு நம்ம பேச்சு பேசி மானத்த வாங்காத."

"கீதுன்னுதான் சொல்லுவேன். இல்லன்னு அவுங்க நிரூபிக்கட்டும்."