இருபத்துமூன்றில் ஒன்பது போக

எங்கள் கட்டடத் தளத்தில் வேலை அட்டவணை போடும் பொறியாளரை 'நாள்காட்டி அண்ணன்' என்போம். லிஃப்ட் சுவரின் கம்பி வரைபடங்களை ஆலோசகர் அலுவலகம் இருபத்துமூன்று நாள் தாமதமாகக் கொடுத்தது. கால நீட்டிப்பு கேட்டு அறிவிப்பு அனுப்ப அன்றுதான் கடைசி நாள். தவறினால் தாமதப் பழி எங்கள் தலையில்.

"இருபத்துமூணுன்னே போடுப்பா. லேட்டாக்குனது அவங்கதானே?" என்றார் மேலாளர்.

"நம்ம அட்டவணையில அந்தச் சுவருக்கு ஒன்பது நாள் கூடுதல் அவகாசம் இருந்துச்சு சார்," என்றார் அண்ணன். " அது தீர்ந்த பிறகுதான் கட்டடம் முடியற தேதியே தள்ளிப்போகுது. பதினாலுதான்."

"அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடா நீ?"

"போன தளத்துல கூட்டிக் கேட்டோம் சார். ஒருநாள்கூட தரலை, என் வேலையும் போச்சு. இதுவும் போனா வீட்டுல என்னன்னு சொல்லுவேன்?"

மேலாளர் முணுமுணுத்தபடியே கையெழுத்திட்டார்.

மூன்று வாரம் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு நடந்த கூட்டத்தில் ஆலோசகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உங்ககிட்ட இருந்த ஒன்பது நாள் என்னாச்சு?" என்று மடக்கினார்.

அண்ணன் அறிவிப்பின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "கழிச்சாச்சு சார்."

ஆலோசகர் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். பதினான்கு நாளும் கிடைத்தன.

படியிறங்கும்போது மேலாளர் அண்ணன் தோளில் கைபோட்டார். "பசிக்குதாப்பா?"

"இப்பத்தான் சார் பசிக்குது."